எட்டடி ஒழுங்கையும் ஒரு சிவப்புப் பந்தும்

புரோசாரில் எங்கள் வீட்டுக்கும் அயல்வீட்டுக்கும் இடையில் தார் போட்ட ஒரு பாதை உண்டு. அப்பப்பா அடி வைத்து அளந்து, அகலம் எட்டடி என்றார். யாழ்ப்பாணத்து வழக்கப்படி நாங்கள் அதை ஒழுங்கை என்றே சொல்லுகிறோம். பனி கரைந்து தார் காய்ந்த மே மாதம் தொடங்கி, ஆறு வயது மகளுக்கு அங்கேதான் கிரிக்கெட் பழக்கி வருகிறோம்.

விளையாட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு காரணம் இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசுகிறாள், வீட்டில் தமிழ் கேட்டுப் பாதிப் பதிலைப் பிரெஞ்சில் சொல்லுகிறாள். அப்பப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டாலும் பேச்சு இரண்டு வசனத்தில் நின்றுவிடும். 1904 முதல் யாழ் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் நடந்துவரும் ‘வடக்கின் போர்’ ஆட்டத்தைச் சிறுவயதில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் அவர். அவரிடம் இருப்பதில் பிள்ளைக்கு உடனே கொடுக்கக்கூடியது இதுதான் என்று எங்களுக்குத் தோன்றியது.

முதலில் பந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மென்பந்து என்றால் எல்லோரும் டென்னிஸ் பந்தையே எடுப்பார்கள். அது காயப்படுத்தாது என்பது உண்மைதான், ஆனால் தாரில் அது எழும்பும் உயரம் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது. பெரியவர் ஒருவரின் தலை உயரத்தில், அதாவது 170 செ.மீ. உயரத்தில் இருந்து விட்டால், நல்ல டென்னிஸ் பந்து ஏறக்குறைய 90 செ.மீ.க்கு மேல் எழும்பும். எங்கள் மகளின் உயரம் 115 செ.மீ. அப்படியானால் பந்து அவள் நெஞ்சையும் நாடியையும் நோக்கியே வருகிறது. அவள் கண்ணை மூடினாள், முகத்தைத் திருப்பினாள், மூன்றாம் நாள் “நான் வரமாட்டன்” என்றாள்.

டென்னிஸ் பழகும் சிறு பிள்ளைகளுக்கென்று சிவப்பு நிறப் பந்து ஒன்று விற்கிறார்கள். சற்றுப் பெரியது, உள்ளே அழுத்தம் குறைந்தது. அதே உயரத்தில் இருந்து விட்டால் 60 முதல் 70 செ.மீ. வரைதான் எழும்பும். அது அவளுடைய இடுப்பு. பந்தை மாற்றிய அன்றே கண் திறந்தது. வாங்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, உங்கள் தலை உயரத்தில் இருந்து பந்தை விட்டுப் பாருங்கள். இடுப்புக்கு மேல் எழும்பினால் அந்தப் பந்து இன்னும் சில வருடத்துக்குப் பிறகு உரியது.

அடுத்தது துடுப்பு. இங்கே பிள்ளைகள் முதலில் பார்ப்பது பேஸ்போல். எங்கள் மகளும் துடுப்பைத் தோளுக்கு மேல் தூக்கி, குறுக்கே வீசினாள். குறுக்கே வீசிய பந்து ஒவ்வொன்றும் அவளுக்கு இடப்பக்கச் சுவருக்கே போனது. அந்தச் சுவரில்தான் அயல்வீட்டுக் குசினி யன்னல் இருக்கிறது. வலக்கையால் ஆடும் பிள்ளை பந்தை இடப்பக்கமாக இழுத்தால், கீழே பிடித்திருக்கும் வலக்கை வேலையை முழுவதும் எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். நேராக அடிக்கும்போது மேலே இருக்கும் இடக்கைதான் வழிநடத்த வேண்டும், வலக்கை துணைக்கு மாத்திரம்.

இதை அப்பப்பா சொல்லிக்கொடுத்த விதம் எளிது. துடுப்பைத் தரையில் குப்புறப் போட்டு, “விறகு கொத்தப் போற கோடாலி மாதிரி ரெண்டு கையாலும் எடு, பிள்ளை” என்றார். அப்படி எடுத்தால் இரண்டு கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் சேரும் மடிப்புகள் ஒரே கோட்டில் வந்துவிடும். பிறகு எங்கள் சப்பாத்து இரண்டை ஐந்து எட்டுத் தூரத்தில், ஒரு எட்டு இடைவெளி விட்டு வைத்தோம். பந்தைத் தரையில் அசையாமல் வைத்து, இடக்கையால் மட்டும் துடுப்பைத் தாழப் பிடித்து, சப்பாத்துகளுக்கு நடுவே தள்ளச் சொன்னோம். ஒற்றைக் கையால் குறுக்கே வீச அவளுக்குப் பலம் போதாது. துடுப்பு ஊஞ்சல்போல முன்னே போய் வர மட்டுமே முடியும். பத்துக்கு ஆறு நடுவே போன பிறகுதான் வலக்கையைச் சேர்த்தோம். அதற்கு எங்களுக்கு ஒரு கிழமை எடுத்தது. பிளாஸ்டிக் துடுப்பு என்றபடியால்தான் இது முடிந்தது. மரத் துடுப்பை ஒற்றைக் கையால் தூக்க இந்த வயதில் இயலாது.

அதன்பின் பந்து போட்டோம். பெரியவர்களின் ஆடுகளம் 22 யார், ஏறக்குறைய 20 மீற்றர். நாங்கள் ஆறு எட்டுத் தூரத்தில் நின்று, கையைத் தாழ்த்தி, கீழிருந்து எறிந்தோம். அவளுக்கு முன்னால் இரண்டு எட்டில் சோக்கட்டியால் ஒரு வட்டம் கீறினோம். பந்து அந்த வட்டத்தில் ஒரு தரம் குத்தி வர வேண்டும். உயரத் தூக்கிப் போட்டால் குத்தியதும் செங்குத்தாக எழும்பி, சிவப்புப் பந்துகூட நெஞ்சுக்கு வந்துவிடும். ஆகவே அவள் தவறவிடும்போது நாங்கள் முதலில் பார்ப்பது வட்டத்தைத்தான். இரண்டு பந்து தொடர்ந்து வட்டத்துக்கு வெளியே குத்தியிருந்தால், பிழை எறிபவரில். வட்டத்தில் குத்தியும் தவறினால், அவளுடைய இடது முழங்கையைப் பார்ப்போம். அது எறிபவரை நோக்கி உயர்ந்திருந்தால் நேர்த் துடுப்பு. விலாவோடு ஒட்டியிருந்தால் பேஸ்போல் திரும்பி வந்துவிட்டது, மறுபடியும் ஒற்றைக் கை.

ஒழுங்கையின் சட்டம் ஒன்றே ஒன்று: குத்தாமல் நேரே சுவரில் பட்டால் ஆட்டமிழப்பு, எறிபவரைத் தாண்டி உருண்டால் நாலு. மைதானத்தில் குறுக்கே அடித்த பந்தும் ஓட்டம் தரும், பிள்ளைக்குக் கைதட்டலும் கிடைக்கும். எட்டடி அகலத்தில் அப்படி இல்லை. நாங்கள் வாய் திறக்காமலே சுவர் சொல்லிவிடுகிறது. அதே அகலம் ஒரு குறையும் வைக்கிறது. பக்கத்துக்கு அடிக்கும் அடிகளையும் ஓடிப் பந்து பிடிப்பதையும் இங்கே பழக்க முடியாது. அவற்றைப் பூங்காவுக்கு விட்டிருக்கிறோம்.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் முழங்கை தாழ்வதில் களைப்புத் தெரியும். மழை பெய்து தார் ஈரமாக இருந்தால் விளையாட்டு இல்லை. நனைந்த பந்து பாரமாகி, குத்திய இடத்திலேயே சறுக்கும்.

ஜூன் மாதத்தில் ஒருநாள், “இது இங்கத்தை விளையாட்டு இல்லையாம்” என்று வகுப்புத் தோழி சொன்னதாக வந்து முறையிட்டாள். 1859இல் இங்கிலாந்தில் இருந்து முதன்முதலாகக் கடல் கடந்து ஆடப் புறப்பட்ட கிரிக்கெட் அணி லிவர்பூலில் கப்பலேறி, முதல் ஆட்டத்தை மொன்றியலில்தான் ஆடியது என்று சொன்னோம். பன்னிரண்டு பேர் வந்தார்கள், தலைவர் ஜோர்ஜ் பார். அவள் அதை அப்பப்பாவிடம் கொண்டுபோனாள். சொல்ல வேண்டிய சொற்கள் எல்லாம் தமிழிலேயே வேண்டியிருந்தன. கப்பல் என்ற சொல்லுக்கு மட்டும் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது அவள் பந்து போடப் பழகுகிறாள். முழங்கை மடியாமல் கை காதை உரசிச் சுற்றி வர வேண்டும் என்பது அப்பப்பாவின் பாடம். ஓடி வரவிடாமல், நின்ற இடத்தில், பக்கவாட்டாகவே போட வைக்கிறார். ஐந்தில் ஒன்றுதான் வட்டத்தில் குத்துகிறது. மற்ற நாலையும் எடுத்துவர ஒழுங்கையின் முடிவுவரை இருவரும் நடக்கிறார்கள். அந்த நடையில் என்ன கதைக்கிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை.