லெனின்கிராடின் இனிப்பு மண்

லெனின்கிராட் முற்றுகை பற்றி எதைப் படித்தாலும் என் மனம் அந்த 125 கிராமில் போய் நின்றுவிடுகிறது. 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை அலுவலக ஊழியர், குழந்தைகள், வேலையில்லாதோர் ஆகியோருக்கு ஒரு நாள் ரொட்டி அவ்வளவுதான். அதிலும் மரக்கூழும் பிண்ணாக்கும் கலந்திருக்கும்.

செப்டம்பர் 8-ல் குண்டுவீச்சில் பதாயெவ் உணவுக் கிடங்குகள் எரிந்தன. பட்டினிக்கு அதுதான் காரணம் என்று ஊரே நம்பியது. உண்மையில் அங்கிருந்தது அத்தனை பெரிய நகரத்துக்குச் சில நாட்களுக்கே காணும். ரயில் பாதைகள் அறுபட்டதுதான் வினை. ஆனால் அங்கே உருகிய சர்க்கரை மண்ணில் இறங்கியிருந்தது நிஜம். மக்கள் அந்த மண்ணைத் தோண்டி, நீரில் கரைத்து, வடிகட்டிக் குடித்தார்கள். சந்தையிலும் விற்றார்கள், மேல்மண்ணுக்கு விலை கூட!

அதே நகரில், வவிலோவின் விதை ஆய்வு நிலையத்தில் நெல் சேகரிப்பைக் காத்தவர் திமித்ரி இவானோவ். சுற்றிலும் ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள். கேட்க ஆளில்லை, ஒரு பிடி எடுத்து உலையில் போட்டிருக்கலாம். போடவில்லை. பட்டினியில் இறந்தார். உடன் வேலை செய்தவர்கள் சிலரும் அப்படியே போனார்கள். விதைகள் பிழைத்தன.