திருச்சியில் ரெண்டாம் தேதி, கிள்ளானில் மூணாம் தேதி: திதி எந்த நாளில்?

நம்ம கோயில் கவுண்டரில் உட்காரும் தொண்டூழியர்கள் நாங்கள். அர்ச்சனை சீட்டு எழுதுவது, திதிக்குப் பெயர் பதிவது, இதுதான் எங்கள் வேலை. ஒரு குடும்பத்துக்கு நாங்களே தப்பாகப் பதிந்து, அப்புறம் திருத்திய கதை இது. அவர்கள் அனுமதியோடு, பெயர் போடாமல் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளானில் இருக்கும் ஒரு அக்கா. அவருடைய அப்பா சொந்த ஊரைப் பார்க்கத் தமிழ்நாடு போனவர், அங்கே உடம்பு முடியாமல் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து, அங்கேயே காலமானார். 2024 அக்டோபர் 2, புதன்கிழமை, ராத்திரி 11.35. அன்றைக்கு மகாளய அமாவாசை. கிள்ளானில் போன் அடித்தபோது இங்கே மணி ரெண்டு தாண்டிவிட்டது. இந்தியாவைவிட நாம் ரெண்டரை மணி நேரம் முந்தி இருக்கிறோம் இல்லையா, அந்த 11.35 நமக்கு அக்டோபர் 3 வியாழன் விடியற்காலை 2.05. அக்கா மனதில் அப்பா போன நாள் மூணாம் தேதி என்று பதிந்துவிட்டது. கண்ணீர் அஞ்சலியிலும் மூணாம் தேதிதான் போட்டார்கள். காப்புறுதிப் பாரத்திலும் அதையே எழுதினார்கள்.

ரெண்டு மாதம் கழித்து அந்தப் பாரம் திரும்பி வந்தது. இந்தியாவில் கொடுத்த இறப்புச் சான்றிதழில் ரெண்டாம் தேதி, பாரத்தில் மூணாம் தேதி. "சான்றிதழ்ல தப்பா போட்டுட்டாங்க, யாரப் பாத்து மாத்துறது?" என்று அக்கா கோயிலுக்கு வந்தபோது கேட்டார். எங்களில் ஒருவர் பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னார்: "மாத்த வேண்டாம்மா. அதுதான் சரி. ஒங்க பாரத்த மாத்துங்க."

காரணம் இதுதான். பிறப்போ இறப்போ, அது நடந்த இடத்தில்தான் பதிவாகும். அந்த இடத்தில் அப்போது சட்டப்படி எந்தக் கடிகாரம் ஓடுகிறதோ அதன் தேதிதான் சான்றிதழில் ஏறும். திருச்சியில் நடந்தால் இந்திய நேரம். இறந்தவர் மலேசியக் குடிமகன், பிள்ளைகள் எல்லாம் இங்கே என்பதால் அது மாறாது. இங்கே இருக்கும் அலுவலகம் எதுவும் அந்தத் தேதியை மலேசிய நேரத்துக்கு மாற்றி எழுதவும் செய்யாது. வங்கி, ஊழியர் சேமநிதி, வீட்டு கிராண்ட் என்று எதற்குப் போனாலும் சான்றிதழில் உள்ள தேதியை அப்படியே எழுதுங்கள். அக்கா பாரத்தைத் திருத்திக் கொடுத்தார், அந்தப் பிரச்சினை அதோடு முடிந்தது.

பிறப்புக்கும் இதே கணக்குதான். மகள் லண்டனில் சாயந்தரம் ஆறு மணிக்குப் பிள்ளை பெற்றால் நமக்கு அப்போது அடுத்த நாள் ஆகிவிடும். தாத்தா பாட்டி அடுத்த நாளைத்தான் பிறந்தநாள் என்று கொண்டாடுவார்கள், கொண்டாடட்டும். ஆனால் அந்தப் பிள்ளையை மலேசியக் குடிமகனாகப் பதியும்போது லண்டன் சான்றிதழில் உள்ள தேதிதான் வரும். நம்ம ஐசி எண்ணே பிறந்த தேதியில்தானே ஆரம்பிக்கிறது, முதல் ஆறு எண் வருஷம், மாதம், நாள். அது ஆயுசுக்கும் கூட வரும்.

இப்போது எங்கள் தப்புக்கு வருகிறோம்.

முதல் வருஷத் திதிக்குப் பதிய அக்கா வந்தார். "அக்டோபர் மூணு, விடியகாலை ரெண்டு மணி அஞ்சு நிமிஷம்" என்றார். எங்களிடம் இருந்தது தமிழ்நாட்டில் அச்சான திருக்கணித பஞ்சாங்கம். அதில் அமாவாசை அந்த ராத்திரி சுமார் 12.19-க்கு முடிகிறது. ரெண்டு மணிக்கு அமாவாசை தாண்டிவிட்டது என்று நினைத்து "புரட்டாசி, வளர்பிறை, பிரதமை" என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.

குருக்கள் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இது எந்த ஊர் மணி?"

திதி என்பது கடிகாரத்தைப் பார்த்து மாறுவது இல்லை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவில் உள்ள இடைவெளி 12 பாகை கூடினால் ஒரு திதி. அது மாறும் கணம் உலகம் முழுக்க ஒன்றுதான். அன்றைக்கு அமாவாசை முடிந்த அதே கணத்தில் திருச்சியில் மணி 12.19, கிள்ளானில் 2.49. அப்பா உயிர் பிரிந்தது திருச்சி மணிக்கு 11.35, கிள்ளான் மணிக்கு 2.05. எந்த ஊர்க் கடிகாரத்தை எடுத்தாலும் அமாவாசை முடிய இன்னும் 44 நிமிஷம் இருக்கிறது. ஆக அவர் போனது அமாவாசையில்தான். நாங்கள் செய்தது, மலேசிய மணியை எடுத்து இந்திய மணிக்கு அச்சடித்த பக்கத்தில் பார்த்தது. அங்கேதான் பிரதமை வந்தது. மணியும் பஞ்சாங்கமும் ஒரே ஊர் நேரத்தில் இருக்க வேண்டும், இது ஒன்றை மறந்துவிட்டோம்.

ஒரு நாள் வித்தியாசம்தானே என்று நினைக்காதீர்கள். மகாளய அமாவாசையில் போன அப்பாவுக்கு மறுநாள், நவராத்திரி ஆரம்பிக்கும் நாளில் திதி கொடுக்கச் சொல்லியிருப்போம். வருஷா வருஷம்.

இன்னொரு குழப்பமும் இதில் இருக்கிறது. பஞ்சாங்கத்தில் நாள் என்பது சூரிய உதயத்தில் ஆரம்பித்து அடுத்த உதயத்தில் முடியும். அதனால் அந்த 12.19-ஐ அக்டோபர் 3-க்கான கட்டத்தில் தேடினால் கிடைக்காது. ரெண்டாம் தேதி, புதன்கிழமைக் கட்டத்தில் "இரவு 12.19 வரை" என்கிற மாதிரி போட்டிருக்கும். வீட்டில் தாத்தா எழுதிவைத்த பழைய நோட்டிலும் இப்படித்தான். "புதன் இரவு 2 மணி" என்று எழுதியிருந்தால், அது இங்கிலீஷ் தேதிக்கு வியாழன் விடியற்காலை. நோட்டில் கிழமையும் பிறப்புச் சூராவில் தேதியும் இடிக்கிறது என்று பலர் வருகிறார்கள். பாதிக்கு மேல் ரெண்டுமே சரியாகத்தான் இருக்கும், நள்ளிரவு தாண்டி விடிவதற்குள் பிறந்திருப்பார்கள்.

நட்சத்திர அர்ச்சனைக்கும் இதேதான். ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய ஒரு நாள் இருக்கும். ரெண்டரை மணி நேரம் தப்பினால் பத்துப் பேரில் ஒருவருக்கு நட்சத்திரமே மாறிப்போகும். மீதி ஒன்பது பேருக்கு மாறாது. அதனால்தான் இந்தத் தப்பு வருஷக்கணக்காக யார் கண்ணிலும் படாமல் ஓடுகிறது.

1982-க்கு முன்னால் நடந்தது என்றால் இன்னும் கவனம் வேண்டும். அப்போது தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தன, இந்தியாவோடு வித்தியாசம் ரெண்டு மணி நேரம்தான். 1981 டிசம்பர் 31 ராத்திரி 11.30 ஆனதும் கடிகாரத்தை அரை மணி தள்ளி 12 ஆக்கினார்கள். சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே எட்டு மணி நேரக் கணக்கில் இருந்ததால் அவர்களோடு ஒன்றாக ஆக்கியதுதான் இது. அதனால் அன்றைக்கு இங்கே 11.45 என்று ஒரு நேரமே கிடையாது. யாராவது "நான் 31 டிசம்பர் 1981, ராத்திரி 11.45, ஈப்போ" என்று வந்தால், யாரோ பழைய கடிகாரத்தையே பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சட்டப்படி அது 1982 ஜனவரி 1, 12.15. ஆனாலும் சூராவில் என்ன தேதி ஏறியிருக்கிறதோ அதுதான் ஐசியில் இருக்கும். போனில் ஜாதகம் போடும்போது 1982-க்கு முன்னால் பிறந்தவர்கள் நேர மண்டலம் 7.30 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 8 என்று இருந்தால் அரை மணி தப்பு. நட்சத்திரம் பெரும்பாலும் தப்பித்துவிடும், லக்னம் தப்பிக்காமல் போகலாம். ஒரு ராசி உதிக்க ரெண்டு மணி நேரம்தானே.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். வாக்கிய பஞ்சாங்கத்தில் திதி முடியும் நேரம் திருக்கணிதத்திலிருந்து தள்ளிப் போகும், சில நாள் மணிக்கணக்கில்கூட. 44 நிமிஷ இடைவெளி என்பது அங்கே நிற்காமல் போகலாம். அதனால் குடும்பத்தில் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறீர்களோ அதைச் சொல்லுங்கள், இப்படி ஓரத்தில் விழுவதைக் குருக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அக்கா வீட்டில் திருக்கணிதம்.

இன்னொன்று. இந்தியச் சான்றிதழில் பொதுவாகத் தேதிதான் இருக்கும், மணி இருக்காது. நம்ம பிறப்புச் சூராவில் மணியும் இருக்கும், அந்தப் பழக்கத்தில் அங்கேயும் இருக்கும் என்று நம்பி வந்துவிடுகிறோம். மருத்துவமனையில் கொடுக்கும் குறிப்பில் நேரம் இருக்கும், அதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் அது இருந்ததால்தான் 11.35 என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. "ராத்திரி பன்னெண்டு வாக்குல" என்று மட்டும் சொல்லியிருந்தால் குருக்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது எங்கள் பதிவேட்டில் ஒரு கட்டம் கூட்டியிருக்கிறோம்: பெயர், தேதி, மணி, அதற்குப் பக்கத்தில் "எந்த ஊரில்". வெளிநாட்டில் நடந்தது என்றால் அந்த ஊர்த் தேதியையும் மணியையும் அப்படியே சொல்லுங்கள், நீங்களே மலேசிய மணிக்கு மாற்ற வேண்டாம். திதி என்ன என்று தெரிந்த பிறகு, அந்தத் திதி இங்கே எந்த நாளில் வருகிறது என்பதை மலேசிய நேரத்துக்குக் கணித்த நாள்காட்டியில் நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

2025-இல் புரட்டாசி அமாவாசை செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. மகாளய அமாவாசை என்பதால் கோயிலில் நிற்க இடமில்லை. அக்கா தம்பியையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். தம்பிக்கு மட்டும் இன்னும் சந்தேகம். "அக்டோபர்ல இல்ல செஞ்சிருக்கணும்?" என்று வரிசையில் நின்றபடியே கேட்டார். அந்த வருஷம் அக்டோபர் 2 விஜயதசமி. அக்கா கைப்பையில் இருந்து மடித்த சீட்டை எடுத்துக் காட்டினார். குருக்கள் கையெழுத்தில் ரெண்டு வரி: பாரத்துக்கு அக்டோபர் 2, அப்பாவுக்கு புரட்டாசி அமாவாசை.