நவம்பர் 31 அன்று வேலைக்கு வந்தவர்

கொல்கத்தாவில் கிரண் சங்கர் ராய் சாலையில் இருக்கும் நியூ செக்ரடேரியட் கட்டடத்தில்தான் தொழிலாளர் நீதிமன்றங்கள் இயங்குகின்றன. சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு முதலாளிக்காக நான் ஆஜரான வழக்கு இது. அதன் பிறகு சம்பள வழக்கோடு யார் வந்தாலும் முதலில் ஹாஜிரா கத்தாவைத்தான் கேட்கிறேன். வங்காளத்தில் வருகைப் பதிவேட்டுக்கு அதுதான் பெயர்.

கட்சிக்காரருக்கு பர்ரா பஜாரில் மொத்தத் துணி வியாபாரம். அவருடைய கிடங்கில் சரக்கு சரிபார்த்து லாரி ஏற்றிவிடும் ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போய் மூன்று வருடம் எட்டு மாதம் கழித்து மனுப் போட்டிருந்தார். கடைசி இரண்டு வருடங்களில் 520 நாள் இரவு எட்டரை மணி வரை வேலை செய்ததாகவும், கூடுதல் நேரத்துக்குக் காசு வரவில்லை என்றும் சொல்லியிருந்தார்.

கணக்கு சிக்கலானதல்ல. காலை பத்திலிருந்து இரவு எட்டரை வரை பத்தரை மணி நேரம். சாப்பாட்டுக்கு அரை மணியைக் கழித்தால் பத்து. மேற்கு வங்கத்தின் 1963ஆம் வருடக் கடைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு எட்டரை மணிதான் வேலை. அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி. நாள் சம்பளம் 306 ரூபாய் என்பதால் மணிக்கு 36, இரட்டித்தால் 72. ஒன்றரை மணிக்கு 108 ரூபாய். 520 நாளுக்கு 56,160 ரூபாய்.

“வக்கீல் பாபு, இது காலாவதியான வழக்கு” என்றார் முதலாளி. “கத்தாவை மூணு வருஷம் வச்சிருந்தா போதும்னு கணக்காளர் சொன்னார். அதுக்கு மேலயும் வச்சிருந்துட்டு, போன பூஜைக்கு முன்னாடிதான் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டோம்.”

கணக்காளர் சொன்னதில் தவறில்லை. 1936ஆம் வருட ஊதியப் பட்டுவாடாச் சட்டம், கடைசிப் பதிவிலிருந்து மூன்று வருடம் பதிவேடுகளைக் காக்கச் சொன்னது. அந்தச் சட்டத்தின் கீழ் கோரிக்கை வைக்க 12 மாதம்தான் கெடு. ஆனால் எதிர்த்தரப்பு வேறு வாசலில் நுழைந்திருந்தது. தொழில் தகராறுச் சட்டத்தின் 33சி(2) பிரிவுக்குக் காலவரம்பு கிடையாது என்று பாம்பே கேஸ் கம்பெனி வழக்கில் 1960களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காகிதத்தை வைத்திருக்க வேண்டிய காலமும், வழக்கு வரக்கூடிய காலமும் ஒன்றல்ல. இதைத்தான் முதலாளிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த வாரம் அவருடைய முனீம் ஒரு பதிவேட்டோடு வந்தார். “கிடங்கு மூலையில கிடைச்சுது” என்றார். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எல்லா நாளும் வருகை 10.00, புறப்பாடு 6.30. அதிலிருந்த பதினான்கு மாதத்துக்கும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். மழையில் கொல்கத்தா மூழ்கும் ஆடி, ஆவணியில்கூட அந்த மனிதர் ஐந்து நிமிடம் தாமதமாக வந்ததில்லை. கடைவீதியே பூட்டிக் கிடக்கும் மகாஅஷ்டமி அன்றும் வந்திருக்கிறார். அச்சிட்ட பக்கத்தில் எல்லா மாதத்துக்கும் 31 கட்டம் இருக்கும். நவம்பரிலும் 31ஆவது கட்டத்தில் ‘ஆஜர்’ விழுந்திருந்தது.

மறுநாள் முதலாளியைக் கூப்பிட்டு அந்தக் கட்டத்தைக் காட்டினேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. “இதைத் தாக்கல் செய்ய மாட்டேன். கத்தா இல்லாதது குற்றமில்லை, சட்டம் சொன்ன காலம் தாண்டித்தான் போட்டிருக்கிறீர்கள். இதைக் கொடுத்தால் பொய் ஆவணம் என்ற தனி வழக்கு வரும்” என்றேன். காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டது என்று உண்மையைச் சொல்லி பிரமாணப் பத்திரம் போட்டோம்.

எதிர்த்தரப்பு வக்கீல் வேலை தெரிந்தவர். யெல்லட்டி வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அவருக்கு நினைவில் இருந்தது: நான் வேலை செய்தேன் என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் கொடுத்தால் மட்டும் போதாது, மஸ்டர் ரோலையும் சம்பளப் பதிவேட்டையும் வரவழைக்கும்படி அவர் கேட்க வேண்டும். அதனால் முதல் வாய்தாவிலேயே ஆவணங்களைக் கேட்டு மனுப் போட்டிருந்தார். எங்களிடம் எதுவும் இல்லை என்றதும் தன் பக்கத்து ஆவணத்தை எடுத்தார்.

அது சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டு. வியர்வையில் ஊறி ஓரமெல்லாம் கருத்திருந்தது. நாளுக்கு ஒரு வரி: தேதி, வந்த நேரம், போன நேரம், கடைசியாக ஏற்றிய லாரியின் எண், பில்டி எண். நேரங்கள் முழு எண்ணாக இல்லை, 8.20, 8.45, ஒரு நாள் 9.10. பேனா மாறியிருந்தது. சில நாள் “6.15, ஜுரம்” என்று இருந்தது. தனக்குப் பாதகமான நாளையும் எழுதியவரின் கணக்கை நீதிமன்றம் நம்பும்.

ஆனாலும் தன் கையால் எழுதிய நோட்டு தனக்கே சாட்சியாகுமா என்று எதிர்த்தேன். அங்கேதான் பில்டி எண் வேலை செய்தது. நீதிமன்றம் சம்மன் அனுப்ப, லாரி நிறுவனத்திலிருந்து பில்டிப் பிரதிகள் வந்தன. சரக்கு ஏற்றி முடித்த நேரம் அவற்றில் இருந்தது. 410 நாள் நோட்டோடு ஒத்துப்போயிற்று. மீதி 110 நாளுக்கு பில்டி கிடைக்கவில்லை.

“சாயங்காலம் லாரிக்காகக் காத்திருக்கும்போது ஒரு மணி நேரம் வெளியே டீ குடிக்கப் போயிடுவான், வக்கீல் பாபு” என்று முதலாளி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையாகவே இருக்கலாம். அந்த இடைவேளை எங்கே பதிவாகியிருக்கிறது? ஒழுங்கான கத்தா இருந்திருந்தால் அதுதான் எங்களுடைய ஒரே சாட்சி. வேலை நேரமே தகராறில் இருக்கும்போது 33சி(2)இல் வெறும் கணக்குப் போட முடியாது என்ற ஆட்சேபணையையும் வைத்தேன். அதன்மேல் உத்தரவு வருமுன் சமரசமானது. 410 நாளுக்கு 44,280 ரூபாய் கொடுத்தார்.

இன்று நிலைமை முதலாளிகளுக்கு இன்னும் இறுக்கம். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, கோரிக்கை வைக்க மூன்று வருடம் தருகிறது. பணம் கொடுத்ததை நிரூபிக்கும் சுமையை முதலாளி தலையில் வைக்கிறது. மூன்றாம் வருடத்தின் கடைசி நாளில் மனுப் போட்டால் நோட்டீஸ் கைக்கு வர மேலும் சில மாதம் ஆகும். மூன்று வருடம் முடிந்ததும் கத்தாவை எடைக்குப் போட்டவர் அப்போது வெறுங்கையோடு நிற்பார். ஐந்து வருடம் வையுங்கள் என்று என் கட்சிக்காரர்களுக்குச் சொல்கிறேன். நோட்டீஸ் வந்துவிட்டால் மேல்முறையீடு முடியும்வரை அந்த ஊழியரின் ஒரு தாளும் வெளியே போகக் கூடாது. விரல் ரேகை இயந்திரம் வைத்திருப்பவர்கள் மாதக் கடைசியில் பதிவை வெளியே எடுத்து, அச்சிட்டு, ஊழியரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இயந்திரத்தின் நினைவகம் நிறைந்தால் பல நேரம் பழையதன்மேல் புதியது ஏறிவிடும்.

கத்தாவில் வந்த நேரம், இடைவேளை, போன நேரம் மூன்றையும் அன்றன்றைக்கு ஊழியர் தன் கையாலேயே எழுதட்டும். தவறினால் வெள்ளை மை பூசாமல் ஒரு கோடு போட்டு அடித்து, இருவரும் சுருக்கொப்பம் இடுங்கள். நவம்பர் பக்கத்தின் 31ஆவது கட்டத்தை இப்போதே அடித்துவிடுங்கள்.