விண்ணப்பத்தின் முதல் வரிகள்

சென்ற மாதம் எமது பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அரச திணைக்களமொன்றின் கணக்குக் கிளையில் 11 ஆண்டுகள் பணியாற்றியவர். தனியார் கம்பனியொன்றின் சம்பளப் பிரிவுக்கு எழுதிய விண்ணப்பத்தை எம்மிடம் நீட்டி, “சேர், முன்னர் இரண்டு இடங்களுக்கு இதே மாதிரி எழுதினேன், ஒருவரும் நேர்முகத்துக்கு அழைக்கவில்லை” என்றார்.

ஆங்கிலத்தில் எழுதிய அக்கடிதத்தின் தொடக்கம் இக்கருத்துடையது: “திறந்த போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி, முகாமைத்துவச் சேவை உத்தியோகத்தராக 3ஆம் தரத்தில் நியமனம் பெற்று, இப்பொழுது 2ஆம் தரத்திற் கடமையாற்றுகின்றேன். அரச சேவையில் திறமைக்கு மதிப்பில்லாமையால் விலக எண்ணியுள்ளேன்.”

தரம் என்பது கச்சேரியில் இருப்பவர்க்கு விளங்கும். கம்பனி அதிகாரிக்கு அதனால் ஒன்றும் புலனாகாது. இரண்டாம் வாக்கியம் இன்னும் கேடானது. அதனை வாசிப்பவர் திணைக்களத்தைப் பற்றி யாதும் அறியார். எழுதியவர் குறைகூறுபவர் என்பதை மட்டும் அறிந்துகொள்வார்.

“தம்பி, மாதந்தோறும் உமது கையால் நடப்பது என்ன?” என்று கேட்டோம்.

“212 பேரின் சம்பளப் பட்டியல், சேர். கடன் கழிவு, சம்பளமற்ற லீவு, நிலுவை எல்லாம் நானே பார்ப்பேன்.”

இதுவன்றோ முதல் வரியில் நிற்கவேண்டியது! கணக்காய்வு வினா ஒன்றும் வந்ததில்லை என்றும் எழுத விரும்பினார். விசாரித்தால், ஒரு முறை வந்திருக்கின்றது. நேர்முகத்தில் வினவினால் தலைகுனிய நேரும் என்று அதனை விடச் செய்தோம்.

ஒரு குறையையும் மறைத்தற்கில்லை. ஓய்வூதியமுள்ள அரச ஊழியரின் பட்டியலில் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியக் கழிவு உண்டு. ஊழியர் சேமலாப நிதி இல்லை. தனியார் துறையிலோ ஊழியரிடம் நூற்றுக்கு 8 கழித்து, முதலாளி 12 சேர்த்து, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு வேறாக 3 செலுத்தவேண்டும். சம்பளப் பிரிவுக்கு வருபவர் இதனை அறியாவிடின் எவ்வாறு?

ஈற்றில் தொடக்கம் இவ்வாறு அமைந்தது: “அரச திணைக்களமொன்றில் 11 ஆண்டுகள் பணிபுரிந்துவரும் நான், கடந்த 5 ஆண்டுகளாக 212 பேரின் சம்பளப் பட்டியலைத் தயாரித்து வருகின்றேன். அவ்வேலையையே பல கிளைகள் கொண்ட தங்கள் கம்பனியிற் செய்ய விரும்புகின்றேன். சேமலாப நிதிக் கணிப்பு அரச பணியில் எனக்கு வாய்க்கவில்லை. இப்பொழுது அதனைப் பயின்று வருகின்றேன்.”

வேலை ஏற்கும் திகதியை மட்டும் குறிக்க வேண்டாமென்றோம். இராஜினாமாவைத் திணைக்களம் ஏற்கவேண்டும். அவர் பெற்ற இடர்கடனின் மீதியையும் தீர்க்கவேண்டும்.

“ஓய்வூதியத்தை விட்டு ஏன் வருகிறீர் என்று கட்டாயம் கேட்பார்களே, சேர்?”

“கேட்பார்கள். அதற்கு மறுமொழி கடிதத்தில் வேண்டாம். உமது மனத்தில் இருக்கட்டும்.”

சிறிதுநேரம் பேசாதிருந்தார். விண்ணப்பத்தை அன்றிரவே அனுப்பிவிட்டதாகப் பின்னர் அறிந்தோம். தாயாருக்கு இன்னும் சொல்லவில்லையாம்.