தயிரும் வேன் வாடகையும்

ஈரோட்டுப் பால் ஏஜென்ட் ஒருவர் வாரம் 2 நடையில், நடைக்கு 400 தயிர் பாக்கெட் இறக்கினார். 28 ரூபாய்க்கு வாங்கி, 30 ரூபாய்க்குக் கடைகளுக்குத் தருவார். வாரம் 80 பாக்கெட் தேதி முடிந்து, உப்பித் திரும்பும். 2,240 ரூபாய் நஷ்டம். ஒன்று கெட்டால் 14 பாக்கெட்டின் லாபம் போச்சு! தேதி பார்த்து, பின்வரிசையிலிருந்து உருவுகிறவர்கள் ஆயிற்றே நாம்.

தினமும் இறக்கிப் பார்த்தார். கெடுவது 10 ஆனது, 280 ரூபாய். ஆனால், கூடுதல் 5 நடைக்கு வேன் வாடகை 1,500. மொத்தம் 1,780.

பிறகு 4 நடையாக்கி, நடைக்குச் சுமார் 190 எடுத்தார். கெட்டது 30, அதற்கு 840, கூடுதல் வாடகை 600. மொத்தம் 1,440. இதுதான் கட்டுப்படியானது. மழை பிடித்தால் மட்டும், முந்தைய இரவே ஆர்டரைக் குறைத்துவிடுகிறார்.