கையை இறுக்கினால் நினைவு திரும்பியதா?

தலையில் அடிபட்டு நினைவில்லாமல் இருப்பவரின் கையைப் பிடித்து, "அப்பா, கேக்குதா?" என்கிறீர்கள். விரல்கள் இறுகுகின்றன. கேட்டுவிட்டது என்று மனசு முடிவு செய்துவிடும்.

ஆனால் உள்ளங்கையில் எது பட்டாலும் விரல்கள் தானாக மூடிக்கொள்ளலாம். பச்சைக் குழந்தை உங்க விரலைப் பிடிக்குமே, அதே அனிச்சைச் செயல். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டால் பெரியவர்களுக்கும் அது திரும்ப வரலாம்.

ஆசையோடு பார்க்கும்போது இறுகிய மூணு தடவை நினைவில் நிற்கும். அசையாத இருபது தடவை மறந்துபோகும்.

அதனால நாங்க கையைத் தொடாமலே, "ரெண்டு விரல் காட்டுங்க" என்று கேட்போம். மறுபடி கேட்டும் செய்தால்தான் அது பதில். நீங்களும் கேளுங்க, செய்யாத தடவைகளையும் எண்ணிச் சொல்லுங்க. செய்யலைன்னாலும் அதுவே முடிவில்லை. மயக்க மருந்து ஓடலாம், நாளைக்கும் பார்ப்போம்.