அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம்

காக்கா துபாயில வேலை முடிச்சு நற்பிட்டிமுனைக்குத் திரும்பினப்போ ஒரு பி.எஸ்.4 கொண்டு வந்தார். இப்போ அது அவருடைய ஏழு வயது மகனின் ஆட்சியில இருக்கு. அவனுக்கு நேரமும் காசும் கட்டுப்படுத்துற பொறுப்பு சாச்சாமாரான எங்கட தலையில விழுந்தது.

கட்டுப்பாடு மெஷினுக்கு விழுறதில்லை, அக்கவுண்டுக்குத்தான் விழும். அதனால Settings-இல் Family Management-க்குப் போய், காக்காவின் அக்கவுண்டுக்குக் கீழே மகனுக்கு உண்மையான பிறந்த திகதியோடு தனி அக்கவுண்ட் திறந்தோம்.

நேரத்தில ரெண்டு விஷயம் இருக்கு: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை. ஒரு மணித்தியாலம் கொடுத்து, அதை 4.15-க்கும் 5.45-க்கும் இடையில மட்டும் திறந்து வச்சோம். அஸர் தொழுகைக்குப் பிறகு, மஃரிபுக்கு முன்னால. இங்கேதான் எங்கட ஊர்க்காரர் கவனிக்கணும். பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. எல்லாரும் வேறொரு நாட்டின் பெயரில்தான் அக்கவுண்ட் வச்சிருக்கிறோம், காக்காவுடையது அமீரகம். நேர வலயம் துபாய் என்று கிடந்தால், அங்கே 4.15 ஆகும்போது இங்கே 5.45. பிள்ளைக்கு கேம் திறக்கிறதே மஃரிப் நேரத்தில! நாட்டை பிறகு மாற்ற ஏலாது. ஆனால் பிள்ளையின் விளையாட்டு நேரத்துக்கான வலயத்தைத் தனியாக மாற்றலாம். அதை இலங்கை நேரத்துக்கு மாற்றினோம்.

நேரம் முடிஞ்சதும் என்ன நடக்கணும் என்றும் கேட்கும். Notify Only கொடுத்தால் திரையில அறிவிப்பு வரும், அவன் பாட்டுக்கு விளையாடுவான். Log Out of PS4 கொடுத்தால் வெளியே தள்ளிவிடும். நாங்க ரெண்டாவதை எடுத்தோம். அதுக்கும் விலை உண்டு: பாதி மேட்ச்சில தள்ளினால் அந்த மேட்ச் போய்விடும், அழுகை அடுத்த வீடு வரை கேட்கும். அதனால முடிய 15 நிமிடத்துக்கு முன்னால புது மேட்ச் தொடங்குறதில்லை என்று அவனோட பேசி வச்சிருக்கு.

காசு விஷயம் சுருக்கம். பிள்ளை வாங்குறது எல்லாம் தலைமை அக்கவுண்டின் வாலட்டிலிருந்துதான் போகும். மாதச் செலவு எல்லையை 0 ஆக்கினோம். அமீரக ஸ்டோரில் எல்லாம் டொலர் கணக்கு. 'அஞ்சுதானே' என்று போட்டால் அது அஞ்சு ரூபா இல்லை.

இவ்வளவு பூட்டியும் ரெண்டு கதவு திறந்தே கிடக்கும். முதலாவது, காக்காவின் அக்கவுண்ட். லொகின் பாஸ்கோட் இல்லாட்டி பிள்ளை அதுக்குள்ள போய் எல்லையில்லாம விளையாடலாம், வாங்கலாம். அதுக்கு பாஸ்கோட் வச்சு, ஒவ்வொரு கொள்வனவுக்கும் பாஸ்வேர்ட் கேட்கச் சொல்லி விட்டோம். ரெண்டாவது, புது யூசர். முதல் பக்கத்திலேயே அதை யாரும் உருவாக்கலாம். PS4 System Restrictions-க்குள்ள New User Creation and Guest Login-ஐ Not Allowed ஆக்கணும். அதுக்குள்ள போகக் கேட்கும் இலக்கம் கடையில இருந்து வரும்போது 0000, அதையும் மாற்றணும். பெரிய ஆக்களுக்குத் தெரியாட்டியும் பெரிய வகுப்புப் பொடியன்மாருக்கு அது நல்லாத் தெரியும்.

புது இலக்கம் இப்போ மகன்ட உம்மாவிடம் மட்டும். காக்காவிடம் கொடுக்கல்ல, அவரும் மகனும் ஒரே டீம்.